இரண்டு பம்ப், எத்தனை ஃப்ளோட்?

கேள்வி: எங்கள் குடியிருப்பின் பேஸ்மென்ட் சம்ப்பில் ஒரே மாதிரி இரண்டு சப்மெர்சிபிள் பம்ப் இருக்கின்றன. முறை மாற்றி ஓட்டும் புது பேனல் வாங்கப் போகிறோம். ஒரு சப்ளையர் ஃப்ளோட் ஸ்விட்ச் இரண்டே போதும், ஒரு பம்ப் டிரிப் ஆனால் மற்றது தானாக எடுத்துக்கொள்ளும் என்கிறார். இன்னொருவர் நான்கு ஃப்ளோட் போட்டு அதிக விலை சொல்கிறார். எதை எடுப்பது?

பதில்: நான்கு ஃப்ளோட் உள்ள பேனலை எடுங்கள். கூடுதலாகக் கொடுக்கும் பணம் வீண் போகாது.

இரண்டு ஃப்ளோட் பேனலில் மேலே இருப்பது ஸ்டார்ட், கீழே இருப்பது ஸ்டாப். தண்ணீர் இறங்கி ஸ்டாப் ஃப்ளோட் தொங்கும்போதுதான் பெரும்பாலான பேனல்களில் முறை அடுத்த பம்ப்புக்கு மாறும். இப்போது, முறை வந்த பம்ப்பின் இம்பெல்லரில் துணி சுற்றிக்கொண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அல்லது காற்று அடைத்துவிட்டது. மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை. கரண்ட் அதிகமாக இழுத்தால்தானே ஓவர்லோட் ரிலே டிரிப் ஆகும்? காற்று அடைத்த பம்ப் வழக்கத்தைவிடக் குறைவாகத்தான் இழுக்கும். ஆகவே டிரிப் இல்லை. தண்ணீர் இறங்காததால் முறையும் மாறாது. நல்ல பம்ப் பக்கத்திலேயே சும்மா கிடக்க, சம்ப் நிரம்பி வழியும். அந்தச் சப்ளையர் சொல்லும் தானியங்கி மாற்றம் மின்சாரக் கோளாறை மட்டும்தான் பிடிக்கும்.

மூன்றாவது ஃப்ளோட் இதற்குத்தான். ஸ்டார்ட் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே அதைத் தொங்கவிடுவார்கள். காரணம் எதுவானாலும் தண்ணீர் அங்கே வந்துவிட்டால் இரண்டாவது பம்ப்பும் சேர்ந்து ஓடும். இரண்டும் நன்றாக இருந்து, மழையில் வரத்து அதிகமாகி ஒன்றால் சமாளிக்க முடியாத நேரத்துக்கும் இதே ஃப்ளோட்தான். நான்காவது, அதற்கும் மேலே, அலாரம் அடிக்க. அலாரத்துக்குப் பேட்டரியோ தனி சப்ளையோ இருக்க வேண்டும். பேனலுக்குக் கரண்ட் இல்லாத நேரத்தில்தானே அது அவசியம் அடிக்க வேண்டும்!

ஃப்ளோட்களை எந்த உயரத்தில் கட்டுவது என்பதைப் பொருத்துபவரின் கைக்கணக்குக்கு விடாதீர்கள். உதாரணமாக, சம்ப் 1.5 மீட்டருக்கு 1.5 மீட்டர், பம்ப் நிமிடத்துக்கு 300 லிட்டர் இறைக்கிறது என்று கொள்வோம். ஸ்டாப்புக்கும் ஸ்டார்ட்டுக்கும் இடையே 50 செ.மீ. விட்டால் 1,125 லிட்டர் கிடைக்கும். வரத்து பம்ப்பின் திறனில் பாதியாக இருக்கும்போதுதான் ஸ்டார்ட் எண்ணிக்கை உச்சத்துக்குப் போகும். அப்போது நிரம்ப ஏழரை நிமிடம், இறைக்க ஏழரை நிமிடம். மணிக்கு 4 ஸ்டார்ட். இடைவெளியை 15 செ.மீ. ஆகக் குறைத்தால் அதுவே மணிக்கு 13-ஐத் தாண்டிவிடும். முறை மாறுவதால் ஒவ்வொரு பம்ப்புக்கும் பாதிதான் வரும் என்று சொல்வார்கள். ஒன்று ரிப்பேருக்குப் போன நாளில் முழுச் சுமையும் மற்றதன் தலையில்தான். அதனால் பாதியாக்காத எண்ணிக்கையையே, மணிக்கு எத்தனை முறை கிளம்பலாம் என்று பம்ப்பின் கையேட்டில் உள்ள வரம்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஸ்டாப் மட்டம், பம்ப் மூழ்கியிருக்க வேண்டிய குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகக் கூடாது.

பணம் முழுவதையும் கொடுக்கும் முன் ஒரு சோதனை செய்யச் சொல்லுங்கள். முறை வந்திருக்கும் பம்ப்பின் டெலிவரி வால்வை மூடிவிட்டு சம்ப்பில் தண்ணீர் விடுங்கள். முதல் பம்ப் ஓடியும் மட்டம் ஏறும். மூன்றாவது ஃப்ளோட் நிமிர்ந்ததும் அடுத்த பம்ப் கிளம்பி மட்டத்தை இறக்க வேண்டும். பார்த்த உடனே வால்வைத் திறந்துவிடுங்கள், மூடிய வால்வோடு பம்ப் நெடுநேரம் ஓடக் கூடாது. பிரேக்கரை ஆஃப் செய்து மட்டும் காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள், அதை இரண்டு ஃப்ளோட் பேனலும் செய்துவிடும்.

ஒவ்வொரு பம்ப்புக்கும் தனி மணிக்கணக்கு மீட்டர் கேளுங்கள். இரண்டு மீட்டரும் ஏறக்குறைய சேர்ந்தே நகர வேண்டும். ஒன்று நின்றே போனால் அந்தப் பம்ப்புக்கு முறை போகவில்லை, அல்லது அது டிரிப் ஆகிக் கிடக்கிறது. ஒன்று மற்றதைவிட வேகமாக ஏறினால் அந்தப் பம்ப் ஓடியும் சரியாக இறைக்கவில்லை. அதன் அடைப்பையும் நான்-ரிட்டர்ன் வால்வையும் பாருங்கள். இரண்டு பம்ப்பும் சில விநாடிகளுக்கு ஒருமுறை மாறி மாறிக் கிளம்பி நின்றால் பம்ப்பைக் கழற்ற வேண்டாம். ஸ்டாப் ஃப்ளோட் சேற்றிலோ கேபிளிலோ சிக்கி, கீழேயே தொங்கிக்கொண்டிருக்கும். அதை விடுவித்துக் கழுவினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.