உடைந்து போன ஊறுகாய் பாட்டில்

"வீட்டில் பூண்டு, எலுமிச்சை ஊறுகாய் போட்டு வாட்ஸ்அப்பில் விற்கிறேன். பெங்களூருக்கு அனுப்பிய 3 பாட்டில்களில் ஒன்று உடைந்து பெட்டி முழுக்க எண்ணெய். 'இப்படியா அனுப்புவீங்க, காசு வீண்' என்று அந்த அம்மா கோபமாக எழுதியிருக்கிறார். கூரியர்காரர் செய்த தப்புக்கு நான் என்ன பதில் எழுதுவது?"
– வாசகி, மதுரை

முதலில் கூரியர் பேச்சையே எடுக்காதீர்கள். அவர் காசு கொடுத்தது உங்களிடம்தான், அதனால் யார் போட்டு உடைத்தார்கள் என்பது அவருக்கு வேண்டாத கதை. ஊறுகாய் எப்போது வரும், இல்லையென்றால் பணம் எப்போது திரும்பும், இது மட்டும்தான் அவருக்குத் தெரிய வேண்டும். அது முதல் பதிலிலேயே இருக்கட்டும்.

இப்படி எழுதுங்கள்: "அம்மா, பார்சல் இந்த நிலையில் வந்ததற்கு மன்னிச்சிடுங்க. உடையாத 2 பாட்டிலையும் சாப்பிட வேண்டாம், மூடி விளிம்பில் கண்ணாடித் தூள் இருக்கலாம். கையில் குத்தாமல் பார்த்து எடுத்துப் போடுங்க, எதையும் திருப்பி அனுப்ப வேண்டாம். மூன்றையும் புதுசா நாளைக்கே அனுப்பட்டுமா, இல்லை முழுப் பணத்தையும் இன்றைக்கே போட்டுவிடட்டுமா? உங்களுக்கு எது வசதியோ சொல்லுங்க."

கண்ணாடி விஷயத்தைக் கண்டிப்பாகச் சேருங்கள், ஏனென்றால் மற்ற இரண்டும் நன்றாகத்தானே இருக்கின்றன என்று துடைத்துவிட்டுத் திறக்கிறவர்கள் உண்டு, திறக்கும்போது ஒரு சில்லு உள்ளே விழுந்தால் பிறகு மன்னிப்புக் கேட்டு என்ன ஆகப்போகிறது.

செலவை நினைத்துப் பயப்படாதீர்கள். பாட்டில் 250 ரூபாய்க்கு விற்கிறீர்கள், போட 120 ஆகிறது, கூரியர் 130 என்று வைத்துக்கொண்டால், மறுபடி அனுப்ப 490 ரூபாய், பணத்தைத் திருப்பினால் 750. அவருக்கும் வேண்டியது ஊறுகாய்தான், அதனால் பெரும்பாலும் அதையே கேட்பார். பணம்தான் வேண்டும் என்றால் மறுபேச்சில்லாமல் அன்றைக்கே அனுப்பிவிடுங்கள்.

அவர் பதில் சொன்ன பிறகு, பெட்டியின் வெளிப்பக்கம், ஒட்டிய சீட்டு, உடைந்த பாட்டில் மூன்றும் தெரிகிற மாதிரி போட்டோ கேளுங்கள். முதலிலேயே கேட்டால் நம்பவில்லை என்று ஆகிவிடும். "கூரியரில் புகார் கொடுக்கத்தான்" என்று காரணத்தையும் சொல்லிவிடுங்கள். புகாரைத் தள்ளிப்போடாதீர்கள், ஆனால் இன்சூரன்ஸ் போடாத கண்ணாடிப் பொருளுக்குப் பெரிதாக எதுவும் கிடைக்காது, அதை நம்பி இவரைக் காக்க வைக்கக் கூடாது.

இந்த முறை ஒவ்வொரு பாட்டிலையும் மூடியில் டேப் சுற்றி, தனித்தனிக் கவரில் போட்டு, பபிள் ரேப் சுற்றி, நடுவில் அட்டைத் தடுப்பு வையுங்கள். பெட்டியைக் குலுக்கிப் பாருங்கள், சத்தம் கேட்டால் இன்னும் இடம் இருக்கிறது, காகிதம் அடையுங்கள்.

போய்ச் சேர்ந்ததும் "முழுசா வந்ததா அம்மா?" என்று மட்டும் கேளுங்கள். நல்லதாக நாலு வார்த்தை போடச் சொல்லி அப்போது கேட்காதீர்கள்.