வாலடிக் குழியைப் பார்த்து மார்க் போடலாமா?

"டாக்டர், ஆனேக்கல் பக்கம் நாலு மாடு வெச்சிருக்கோம். படத்துல இருக்கறது எச்.எஃப். கிராஸ், மூணாவது ஈத்து, கன்னு போட்டு 52 நாள் ஆச்சு, பால் 16 லிட்டர். இன்னும் பருவத்துக்கு வரல. இன்னைக்கு பின்னாடியிருந்து ஒண்ணு, பக்கவாட்டுல ஒண்ணு எடுத்து அனுப்பியிருக்கேன். கன்னு போடறதுக்கு மூணு நாள் முன்னாடி எடுத்த ரெண்டு படமும் இருக்கு. அப்பவே வாலடியில ஆழமா குழி இருக்கு பாருங்க, அதனால இது எப்பவுமே ஒல்லி மாடுதான்னு வீட்டுல சொல்றாங்க. அஞ்சுக்கு எத்தனை மார்க் போடலாம்? தினம் கலப்புத் தீவனம் 5 கிலோ, ராகி தட்டை இஷ்டத்துக்கு, பச்சைப் புல் ஒரு கட்டு போடறோம்."

உங்கள் வீட்டில் சொல்வது சரியில்லை. இது எப்போதும் ஒல்லியாக இருக்கிற மாடு இல்லை, இப்போது ஒல்லியாகிப்போன மாடு. கன்று போடும்போது நல்ல சதையோடுதான் இருந்திருக்கிறது, இந்த 52 நாளில் கரைந்துவிட்டது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு என்பதால், எப்படிப் பார்த்தேன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அடுத்த முறை நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

இந்த மார்க் மாட்டின் உடம்பில் எவ்வளவு சதைப்பற்று இருக்கிறது என்பதற்கானது, 1 என்றால் எலும்பும் தோலும், 5 என்றால் மிகவும் கொழுத்தது. மூன்று எலும்புகளை அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். பின்முதுகில் இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டு நிற்கிறதே, அது இடுப்பெலும்பு முனை. வாலுக்கு இரண்டு பக்கமும் கடைசியில் இருப்பது பிட்டத்து எலும்பு முனை. இந்த இரண்டுக்கும் நடுவில், கொஞ்சம் கீழே, நடக்கும்போது அசைவது தொடை மூட்டு. பக்கவாட்டுப் படத்தில் இடுப்பு முனையிலிருந்து தொடை மூட்டுக்கு இறங்கி, அங்கிருந்து பிட்டத்து முனைக்கு ஏறுகிற கோட்டை விரலால் போனிலேயே வரைந்து பாருங்கள். அது மடித்த காகிதம் மாதிரி கூராக, ஆங்கில 'வி' எழுத்தாக இறங்கி ஏறினால் மாடு 3 அல்லது அதற்குக் கீழே. குழந்தை தூங்கும் தூளி மாதிரி தாழ்வாக வளைந்திருந்தால் 3.25 அல்லது அதற்கு மேலே. 1994-ல் அமெரிக்காவில் ஃபெர்குசன் என்பவரும் கூட இருந்தவர்களும் எச்.எஃப். மாடுகளுக்காக வகுத்துச் சொன்ன முறை இது. கால் கால் மார்க்காகக் கண்ணால் பிரித்துப் பார்ப்பது 2.5-க்கும் 4-க்கும் நடுவில்தான் செல்லும், அதற்கு வெளியே அரை மார்க் வித்தியாசம்தான் தெரியும் என்பதும் அவர்கள் சொன்னதுதான். எச்.எஃப். ரத்தம் அதிகமுள்ள கலப்பினத்துக்கு நான் இதையே பயன்படுத்துகிறேன். பக்கத்து வீட்டு ஹள்ளிகார் நாட்டு மாட்டுக்கு இதை வைத்து மார்க் போடாதீர்கள், அதன் எலும்பமைப்பே வேறு.

இன்றைய பக்கவாட்டுப் படத்தில் கோடு சந்தேகமில்லாமல் கூர். ஆக 3-க்கு மேல் கிடையாது. அடுத்து இடுப்பு முனை. பின்பக்கப் படத்தில் அது தேய்ந்த சோப்புக்கட்டி மாதிரி உருண்டிருந்தால் 3 என்று நிறுத்திக்கொள்ளலாம், ஆனால் உங்கள் மாட்டில் அது தீப்பெட்டி மூலை மாதிரி நிற்கிறது. அப்போது 2.75 அல்லது கீழே. இனி பிட்டத்து முனை. அதன்மேல் சதைப்பற்று மூடி உருண்டையாகத் தெரிந்தால் 2.75, அதுவும் கூராக இருந்தால் 2.5 அல்லது கீழே. உங்கள் படத்தில் வலது பக்கம் கூர். இடது பக்கம் உருண்டை போலத் தெரிகிறது, ஆனால் அங்கே சாணம் காய்ந்து ஒட்டியிருக்கிறது, அதை நம்ப முடியாது.

இதற்கு மேல் படம் உதவாது, கைதான் வேண்டும். சாணத்தைக் கழுவிவிட்டு வலது பிட்டத்து முனையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து உருட்டுங்கள். உங்கள் இடது கையை மூடிப் பிடித்து அதன் முட்டியைத் தொட்டுப் பாருங்கள், அப்புறம் கட்டைவிரலின் அடிச் சதையைத் தொட்டுப் பாருங்கள். மாட்டின் எலும்புக்கு மேல் அந்த அடிச் சதை மாதிரி மெத்தென்று ஏதாவது, சின்னதாகவாவது, நழுவினால் 2.5. தோலுக்கு அடியில் நேராக முட்டி மாதிரி எலும்புதான் என்றால் அதற்கும் கீழே. அப்போது இடுப்புப் பள்ளத்துக்கு மேலே முதுகெலும்பிலிருந்து பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் குறுக்கெலும்புகளைப் பாருங்கள். அவை நுனியிலிருந்து முதுகெலும்பு வரைக்குமான தூரத்தில் பாதிவரை தெரிந்தால் 2.25, முக்கால்வரை தெரிந்தால் 2. படத்தை மட்டும் வைத்து நான் போடும் மார்க் 2.5. கை வைத்துப் பார்த்தால் 2.25-க்கு இறங்க வாய்ப்புண்டு, 2.75-க்கு ஏறாது.

இப்போது பழைய படத்துக்கு வருவோம், சுவாரசியமே அங்கேதான். வாலடிக் குழி ஆழமாக இருப்பது உண்மை. ஆனால் கன்று போடுவதற்கு மூன்று நாள் முன்னால் எந்த மாட்டுக்கும் அப்படித்தான் இருக்கும். கன்று வெளியே வர வழிவிடுவதற்காக இடுப்பைச் சுற்றியுள்ள தசைநார்கள் தளர்ந்து, வாலுக்கு இரண்டு பக்கமும் குழி விழுந்து, வாலடி தூக்கலாகத் தெரியும். கிராமத்தில் இதைப் பார்த்துத்தானே "இன்னைக்கு நாளைக்குள்ள போட்டுரும்" என்று சொல்வார்கள். கொழுப்பு குறைந்ததற்கும் அந்தக் குழிக்கும் சம்பந்தமில்லை. சாதாரண நாளில் 3.25-க்கு மேலே உள்ள மாடுகளைக் கால் கால் மார்க்காகப் பிரிப்பதற்கு வாலடியிலும் அதை ஒட்டிய இடுப்பிலும் தசைநார்கள் எவ்வளவு தெரிகின்றன என்பதுதான் அளவுகோல், அதனால்தான் அந்த வாரத்தில் எடுத்த படம் நிறைய பேரை ஏமாற்றுகிறது.

அதே நாளில் எடுத்த பக்கவாட்டுப் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். இடுப்பு முனையிலிருந்து பிட்டத்து முனை வரை கோடு தூளி மாதிரி வளைந்திருக்கிறது, இடுப்பு முனை உருண்டை, பிட்டத்து முனைக்கு மேல் சதை மூடியிருக்கிறது. எலும்பு மேல் உள்ள சதை தசைநார் தளர்வதால் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. அதனால் அன்று இந்த மாடு 3.25-லிருந்து 3.5-க்குள். எது என்று பிரித்துச் சொல்ல வாலடி வேண்டும், அதைத்தான் அன்றைக்கு நம்ப முடியாது என்றேனே, இந்த இடைவெளியோடு விட்டுவிடுவோம்.

ஆக முக்கால் மார்க்கிலிருந்து ஒரு மார்க் வரை போயிருக்கிறது. கன்று போட்ட பிறகு அரை மார்க் கரைவது கறவை மாட்டுக்குச் சகஜம், பால் ஏறுகிற வேகத்துக்குத் தீனி ஏறாது. முக்காலைத் தாண்டினால் அதிகம். 500 கிலோ மாட்டுக்கு ஒரு மார்க் என்பது ஏறக்குறைய 50 கிலோ, உங்கள் மாட்டின் உடம்புக்குக் கொஞ்சம் குறையும். இவ்வளவும் இந்த 52 நாளில் பாலாகப் போயிருக்கிறது. பருவத்துக்கு வராததற்கு நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். இருந்தாலும் நாள் 50 தாண்டிவிட்டதால் கர்ப்பப்பையை உள்ளூர் கால்நடை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள், சும்மா பருவ ஊசி போடச் சொல்லி வற்புறுத்தாதீர்கள்.

கணக்கைப் பாருங்கள். உடம்பைக் காப்பாற்ற ஒன்றரை கிலோ, அப்புறம் இரண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ என்று வைத்தால் 16 லிட்டருக்குக் கிட்டத்தட்ட 8 கிலோ கலப்புத் தீவனம் வேண்டும். நீங்கள் கொடுப்பது 5. ராகி தட்டை வயிற்றை நிரப்பும், ஆனால் இந்தப் பாலுக்கான சத்து அதில் இல்லை. இரண்டு மூன்று நாளுக்கு அரை கிலோ வீதம் ஏற்றி, இரண்டு வாரத்தில் 8-க்குக் கொண்டுவாருங்கள், அதையும் ஒரே வேளையில் கொட்டாமல் மூன்று வேளையாகப் பிரியுங்கள். சாணம் தண்ணியாகி அதில் தானியம் அப்படியே வந்தால் அந்த அளவிலேயே நான்கு நாள் நிறுத்துங்கள். பசுந்தீவனம் கூட்ட முடிந்தால் கூட்டுங்கள், தாது உப்புக் கலவையை விட்டுவிடாதீர்கள். சீக்கிரம் தேற வேண்டுமென்று கல்யாண மண்டபத்து மீதிச் சோற்றை வாளி வாளியாக வைக்கிற வழக்கம் பெங்களூரு ஓரத்தில் நிறைய பார்க்கிறேன். அமிலம் ஏறி மாடு தீனியையே வெறுக்கும், இருந்த மார்க்கும் போகும். தீவனம் கூட்டியும் அது தின்னவில்லை என்றால், உடம்புக் கொழுப்பு அளவுக்கு மீறிக் கரைவதால் வரும் கீட்டோசிஸ் நோய்க்கான பரிசோதனை தேவைப்படும்.

பின்பக்கப் படத்தில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. இடது இடுப்பு முனை வலதைவிட ஒரு விரல் இறங்கித் தெரிகிறது. ஒரு பின்னங்காலைத் தளர்த்தி நின்றாலே அப்படித் தெரியும். அடுத்த படத்திலும் அதே காலையே தளர்த்தியிருந்தால் குளம்பைத் தூக்கிப் பாருங்கள், கால் வலிக்கிற மாடு படுத்தே கிடக்கும், தீனியும் குறையும்.

அடுத்த படம் 14 நாள் கழித்து, அதே இடத்தில், அதே நேரத்தில். சமதரையில் நான்கு காலும் நேராக ஊன்றி நிற்கட்டும். பின்பக்கம் எடுக்கும்போது ஆறேழு அடி தள்ளி, போனை வாலடி உயரத்தில் பிடியுங்கள், மேலிருந்து எடுத்தால் இடுப்பு அகலமாகி மாடு கொழுத்த மாதிரி தெரியும். வாலை யாரும் தூக்கிப் பிடிக்க வேண்டாம், தானாகத் தொங்கட்டும். பக்கவாட்டுப் படத்துக்குத் தொடை மூட்டுக்கு நேர் எதிரே நில்லுங்கள், கோணலாக நின்றால் கூரும் தூளியாகத் தெரியும். காலை வெயில் சாய்வாக விழும்போது எடுத்தால் பள்ளத்தில் நிழல் விழுந்து எலும்பு நன்றாகத் தெரியும், ஃபிளாஷ் போட்டால் அந்த நிழலெல்லாம் அழிந்துபோகும். வயிறு உப்பியிருக்கிறதா ஒட்டியிருக்கிறதா என்று பார்க்காதீர்கள், அது காலையில் என்ன தின்றது என்பதைத்தான் சொல்லும்.

இறக்கம் நின்றுவிட்டால், அதாவது அந்தப் படத்திலும் 2.5 இருந்தாலே, தீவனம் வேலை செய்கிறது என்று அர்த்தம். ஏறுவதற்கு நாளாகும். கறவை முடிவதற்குள் 3.25-க்குக் கொண்டுவந்துவிட வேண்டும், பால் வற்றிய பிறகு அந்த இரண்டு மாதத்தில் ஏற்றவும் வேண்டாம், இறக்கவும் வேண்டாம். பிட்டத்து முனையைத் தொட்டுப் பார்த்து என்ன இருந்தது என்று மட்டும் நாளைக்கே எழுதுங்கள்.