33 மாஸ்டர் எண்ணா, வெறும் 6தானா?

கேள்வி: "என் பிறந்த தேதியைக் கூட்டினால் 33 வருகிறது. ஒருவர் இது மாஸ்டர் எண் என்கிறார், இன்னொருவர் அப்படி ஒன்றே கிடையாது, நீங்கள் வெறும் 6 என்கிறார். ஏன் பல நியூமராலஜிஸ்டுகள் 33ஐ ஏற்பதில்லை?"

உங்களிடம் முதலில் 33 என்று சொன்னவர் கொஞ்சம் குரலைத் தாழ்த்திச் சொல்லியிருப்பார். "லட்சத்தில் ஒருவருக்கு" என்றும் சேர்த்திருப்பார். இரண்டாமவர் 6 என்றதும் உங்களுக்கு முகம் வாடியிருக்கும். எனக்கு வாடியது, அதனால் சொல்கிறேன்.

நான் பிறந்தது 14-5-1985. எல்லா இலக்கங்களையும் வரிசையாகக் கூட்டுங்கள்: 1+4+5+1+9+8+5 = 33. பத்து வருடங்களுக்கு முன் ஒருவர் இதைக் கணக்குப் போட்டுவிட்டு, பேனாவைக் கீழே வைத்து, "நீங்கள் மகா குரு எண்ணில் பிறந்தவர், பிறருக்காகவே வாழப் பிறந்தவர்" என்றார். அப்போது அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. மருத்துவமனை, மருந்து, இரவு விழிப்பு எல்லாம் என் தலையில். "பிறருக்காகவே" என்ற சொல்லைக் கேட்டதும் கண் கலங்கிவிட்டது. யாரோ ஒருவர் என் பாட்டைக் கவனித்துவிட்டதாகத் தோன்றியது. கவனித்தது என்னை அல்ல, என் கூட்டுத்தொகையை என்பது அப்புறம்தான் உறைத்தது.

இரண்டு வருடம் கழித்து இன்னொருவரிடம் போனேன். அவர் அதே தேதியை வேறு மாதிரி கூட்டினார். நாள் 14, அதாவது 5. மாதம் 5. வருடம் 1985, அதாவது 23, அதாவது 5. மூன்று ஐந்துகள், 15, ஆக 6. "33ஆ? எங்கே 33?" என்றார்.

இங்கேதான் விஷயமே இருக்கிறது. ஒரு தேதியை எப்படிக் கூட்டினாலும் கடைசி ஒற்றை எண் மாறாது, 6 என்றால் 6தான். ஆனால் 33 என்பது கடைசி எண் அல்ல, வழியில் வரும் எண். எந்த வழியில் போகிறீர்கள் என்பதைப் பொறுத்து அது கண்ணில் படும், படாமலும் போகும். ஒற்றை எண்ணாகக் குறைக்காமல் அப்படியே விடும் மற்ற இரண்டு மாஸ்டர் எண்களான 11க்கும் 22க்கும் இந்தத் தொல்லை உண்டு. 33க்கு ரொம்ப அதிகம்.

நாள், மாதம், வருடம் மூன்றையும் தனித்தனியாக ஒற்றை எண்ணாக்கிப் பிறகு கூட்டுபவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றும் அதிகபட்சம் 9 ஆக இருந்தாலும் 27தான். 33 வரவே வழியில்லை. இடையில் வரும் 11ஐயும் 22ஐயும் குறைக்காமல் அப்படியே விட்டால் மட்டும்தான் வரும். உதாரணம் 11-11-2009: நாள் 11, மாதம் 11, வருடம் 11, மொத்தம் 33. அல்லது 22-9-2000: 22+9+2 = 33. இந்த முறைக்காரர்களுக்கு 33 என்றால் உள்ளே ஒரு 11ஓ 22ஓ உட்கார்ந்திருக்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால், இந்த இரண்டு தேதிகளையும் என்னிடம் முதலில் கூட்டியவர் முறைப்படி வரிசையாகக் கூட்டினால் 15தான் வருகிறது. இவருடைய மகா குரு அவருக்குச் சாதா ஆறு. என் தேதியில் அது அப்படியே தலைகீழ்.

மூன்றாவது ஒரு முறையும் உண்டு. தேதியை இலக்கமாகப் பிரிக்காமல் முழு எண்ணாகவே கூட்டுவது. 14+5+1985 = 2004, பிறகு 2+0+0+4 = 6. இந்த முறையில் 33 யாருக்கும் வராது. இலக்கங்களைக் கூட்டினால் 33 வரும் முதல் எண் 6999. நம் காலத்துத் தேதிகளில் கிடைக்கும் பெரிய தொகை 1999க்கு வரும் 28தான். ஆக இந்த முறையில் பழகியவர் 33ஐ ஏற்காததற்குத் தத்துவக் காரணம் எதுவும் தேவையில்லை. அவர் தன் வாழ்நாளில் அதைப் பார்த்தே இருக்க மாட்டார்.

இன்னொரு கூட்டம் மாஸ்டர் எண் என்ற பேச்சுக்கே வராது. கைரேகை, எண் பலன் புத்தகங்களால் பெயர் பெற்ற ஐரிஷ்காரர் கீரோவின் வழியில் வருபவர்கள். கீரோவின் எண் புத்தகத்தில் 10 முதல் 52 வரை கூட்டு எண்களுக்குப் பலன் இருக்கிறது. அதில் 33க்குத் தனிச் சக்தி கிடையாது, 24க்குச் சொன்ன பலனே அதற்கும் என்று எழுதியிருக்கிறார். 11ஐ மறைந்திருக்கும் ஆபத்துக்கான எச்சரிக்கையாகவும் 22ஐ மாயையாகவும் சொல்கிறார். ஒரு வழியில் தலைமேல் தூக்கி வைக்கும் எண்கள், இன்னொரு வழியில் ஜாக்கிரதை என்று சொல்லும் எண்கள். இரண்டு வழிகளையும் கலந்து, நல்லதை மட்டும் பொறுக்கிச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை.

33ஐ ஏற்பவர்கள் சொல்வதையும் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். 11 உள்ளுணர்வால் காண்பது, 22 அதைக் கட்டி எழுப்புவது, இரண்டும் சேர்ந்த 33 அதைப் பிறருக்குக் கொடுப்பது. 11+22 = 33 என்பதால் முக்கோணம் முழுமையாகிறது என்பார்கள். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கேயே நிற்பானேன்? 44, 55 ஏன் இல்லை என்று கேட்டால் சிலர் அவற்றையும் சேர்த்துக்கொள்கிறார்கள், சிலர் 22 என்றதும் கதவைச் சாத்துகிறார்கள். எல்லைக்கோடு எங்கே என்பதற்கு ஒரே பதில் கிடையாது.

சரி, இதெல்லாம் முறைச் சண்டை. எனக்கு நம்பிக்கை விட்டுப் போனது வேறு இடத்தில்.

நான் கணக்கு எழுதும் வேலையில் இருப்பவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சும்மா, 1985ஆம் வருடத்தின் 365 நாட்களையும் ஒரு எக்செல் தாளில் போட்டு வரிசைக் கூட்டல் செய்தேன். 1985இன் இலக்கங்கள் ஏற்கெனவே 23. ஆகவே 33 வர நாளும் மாதமும் சேர்ந்து 10 கொடுத்தால் போதும். அது எத்தனை நாட்களுக்கு வருகிறது தெரியுமா? 36. ஜனவரி 9, 18, 27. பிப்ரவரி 8, 17, 26. இப்படியே மாதத்துக்கு மூன்று. ஜூலையில் நான்கு, செப்டம்பரில் இரண்டு. அந்த வருடத்தில் 6இல் முடியும் நாட்கள் மொத்தமே 39. மீதி மூன்றும் 42 வழியாக வருகின்றன: ஆகஸ்ட் 29, செப்டம்பர் 19, செப்டம்பர் 28. அதாவது 1985இல் பிறந்த ஆறாம் எண்காரர்களில் ஏறக்குறைய எல்லோருமே மகா குரு. சாதா ஆறாக இருப்பதுதான் அபூர்வம்!

இதே கணக்கை அடுத்த நூற்றாண்டுக்கு நீட்டினால் இன்னும் விசேஷம். வரிசைக் கூட்டலில் கடைசியாக 33 வந்த நாள் 20-12-1999. அதற்கு அடுத்தது 29-9-2029. 2000 என்று ஆரம்பித்ததும் வருடத்தின் தொகை சட்டென்று சரிந்துவிடுகிறது. நாள், மாதத்துக்கு அதிகபட்சம் 20தான் கிடைக்கும் (29ஆம் தேதி 11, செப்டம்பர் 9). வருடம் 13 கொடுத்தால்தான் 33. அது முதலில் 2029இல்தான் வருகிறது. கிட்டத்தட்ட முப்பது வருடம் உலகத்தில் எங்குமே ஒரு மகா குருவும் பிறக்கவில்லை என்று அந்த முறை சொல்கிறது. காரணம் ஆன்மாக்கள் ஓய்வெடுத்தது அல்ல, நாட்காட்டியில் ஒன்பதுகள் போய்ச் சைபர்கள் வந்தது. நிதானமாக யோசிக்கும் நியூமராலஜிஸ்டுகள் 33ஐத் தொடத் தயங்குவதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

உடனே யாராவது வந்து "நம்பிக்கை இல்லாதவள் எதற்கு எழுதுகிறாள்" என்று கேட்பார்கள். நான் நியூமராலஜியை விஞ்ஞானம் என்றும் சொல்லவில்லை, அதை நம்புகிறவர்களைக் கேலியும் செய்யவில்லை. ஒரு முறையை எடுத்துக்கொண்டால் அந்த முறைக்குள்ளாவது கணக்கு ஒத்துப்போக வேண்டும் என்கிறேன், அவ்வளவுதான். கூட்டல் எனக்குச் சோறு போடும் தொழில்.

அந்தத் தாளைத் திறந்து வைத்திருந்தபோதே 1987க்கும் ஓட்டினேன். தம்பி பிறந்தது 6-2-1987. 6+2+25. அவனும் 33! அம்மா படுத்திருந்த ஏழு மாதத்தில் இரண்டு முறை வந்தவன். இரண்டு முறையும் பழம் வாங்கி வந்து, வாசலிலேயே செல்போனில் பேசிக்கொண்டிருந்துவிட்டுப் போனவன். மருத்துவமனை பில்லில் பாதியைத் தருவதாகச் சொன்னது இன்றுவரை சொல்லாகத்தான் இருக்கிறது. உறவுக்காரர்கள் யாரும் அவனைக் கேட்க மாட்டார்கள், "அவனுக்கு வேலைப்பளு" என்பார்கள். எனக்கு மட்டும் வேலை இல்லையாக்கும். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் "பிறருக்காகவே வாழப் பிறந்தவர்" பலன் அவனுக்கும் சேர்த்து அச்சடிக்கப்பட்டது என்று தெரிந்த நாளில் எனக்கு வந்த சிரிப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் தேதியை மூன்று விதமாகவும் கூட்டிப் பாருங்கள். வரிசைக் கூட்டலில் மட்டும் 33 வந்தால், உங்களை 6 என்றவர் தன் முறைப்படி சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். தனித்தனியாகக் குறைத்த பிறகும் ஒரு 11ஓ 22ஓ நின்று 33 வந்தால், அந்த எண்ணை ஏற்பவர்களிலேயே கண்டிப்பானவர்கள்கூட உங்களைச் சேர்த்துக்கொள்வார்கள். அப்போதும் பலரும் 33/6 என்றுதான் எழுதுவார்கள், அன்றாடத்துக்கு 6இன் பலனையே படிக்கச் சொல்வார்கள். 6க்குச் சொல்லும் பலன் குடும்பம், பொறுப்பு, பராமரிப்பு. 33க்குச் சொல்வதும் அதேதான், கொஞ்சம் பெரிய எழுத்தில். மாஸ்டர் எண் என்பதற்காகத் தனியாக ஒரு பரிகாரம், தனியாக ஒரு கட்டணம் என்று ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

தம்பியிடம் அவனும் 33 என்பதை நான் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த முறை அம்மாவைப் பரிசோதனைக்கு அழைத்துப் போகச் சொல்லும்போது, குருவுக்குத் தியான நேரம் என்பான்.