வான்கதவைத் திறந்தால் வண்டல் போகாதா?

"மகளின் பாடசாலைச் செயற்றிட்டம். நீர்த்தேக்க வண்டலை வான்கதவு திறந்து வெளியேற்ற ஏன் முடியாது? — வெள்ளவத்தை"

அக்கா, பருமணல் அணையடிக்கு வருவதே இல்லை. ஆறு தேக்கத்துக்குள் நுழையும்போதே வேகம் குறைந்து, அங்கேயே மேடு கட்டிவிடும். நுண்சேறுதான் அணைவரை வரும். வான்கதவு மேல்நீரைத்தான் விடும். அடிமதகைத் திறந்தாலும் அதன் வாயருகே புனல் மாதிரி ஒரு குழி விழும், அவ்வளவுதான். முழுக்கக் கழுவ, தேக்கம் பழையபடி ஆறாக ஓடும்வரை நீரை இறக்கவேண்டும். மின்சாரத்துக்குச் சேர்த்த தண்ணீரை யார் விடுவார்கள்?

வண்டல் தேக்கத்திலேயே தங்குவதால் கீழே வயலுக்கும் நட்டம். அஸ்வான் அணைக்குப் பின் நைல் வண்டல் நின்றதால் எகிப்தில் உரம் வாங்கிப் போடுகிறார்கள்.

செயற்றிட்டத்துக்கு நீளத் தட்டைச் சற்றுச் சாய்த்து, தாழ்ந்த பக்கம் தண்ணீர் தேக்கி, மேல்முனையில் மணல் கலந்த நீரை ஊற்றச் சொல்லுங்கள். மேடு எங்கே எழுகிறது என்று மகளே காட்டுவாள்.