கடற்பன்றியா, டொல்பினா: வாலை மட்டும் பார்த்துச் சொல்லலாமா?

தலவாக்கலைதான் என் ஊர். புத்தளம் களப்பில் ஏழு வருஷம் படகில் உட்கார்ந்து, கடற்பசு என்றும் சொல்கிற கடற்பன்றியைத் தேடினேன். விடுமுறைக்கு மலையிலிருந்து கற்பிட்டிக்கும் மன்னாருக்கும் போகிறவர்கள் கேளுங்கள்.

பண்டாரவளை, ஆசிரியை: வால் பிளவுபட்டிருந்தால் டொல்பின், விசிறி மாதிரி வட்டமாக இருந்தால் கடற்பன்றி என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். சரிதானே?

இல்லை டீச்சர். விசிறி வால் கடற்பன்றியின் உறவான மனாட்டிக்குத்தான். அது அமெரிக்கக் கரைகளிலும் மேற்கு ஆப்பிரிக்காவிலும் வாழ்கிறது, நம் கடலில் இல்லை. நம் கடற்பன்றியின் வால் பிறை போலப் பிரிந்து, நடுவில் சின்ன வெட்டோடு, படுக்கையாக இருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் டொல்பின் வாலேதான்.

வால் சீல் என்கிற கடல்நாயைத்தான் பிரித்துக் காட்டும். சீலுக்கு அப்படித் தட்டையான வால் கிடையாது, பின்னால் இரண்டு துடுப்புக் கால்கள் இருக்கும். அது கரையேறிப் படுக்கும், நீரில் தலையை நாய் போல நிமிர்த்திப் பார்க்கும். கடற்பன்றி கரையேறாது. இங்கே சீல் நிலையாக வாழ்வதும் இல்லை, எப்போதாவது வழிதவறி வந்தால் உண்டு.

டொல்பினா கடற்பன்றியா என்பதை மூக்குதான் தீர்க்கும். கடற்பன்றியின் மூக்குத் துவாரங்கள் இரண்டு, முகத்தின் முன்நுனியில் மேலே பக்கத்தில் பக்கமாக இருக்கும். மூச்செடுக்க அந்த நுனி மட்டும் நீரைத் தொட்டால் போதும். டொல்பினுக்கு உச்சந்தலையில் ஒரே துவாரம், அதனால் தலையோடு முதுகும் வளைந்து எழும்.

ஹட்டன்: அண்ணே, கற்பிட்டியில் களப்புப் பக்கம் நாற்பது வினாடி வீடியோ எடுத்தேன். அனுப்பியிருக்கிறேன். டொல்பின் என்று படகுக்காரர் சொன்னார்.

தம்பி, அது கடற்பன்றிதான். ஆறாவது வினாடியில் நிறுத்திப் பாருங்கள். நீர்மட்டத்தில் தடித்த, கீழே வளைந்த மூஞ்சி. அதன் நுனியில் இரண்டு துவாரம் திறந்து மூடுகிறது. டொல்பினாக இருந்தால் நீண்ட ஒடுங்கிய மூக்கு முதலில் வந்திருக்கும், அதற்குப் பிறகு முதுகுத் துடுப்பு. உங்கள் வீடியோவில் வழுவழுப்பான பழுப்புச் சாம்பல் முதுகு மட்டும் உருண்டு போகிறது, துடுப்பு இல்லை. கடைசியில் வால் எழும்பிச் செங்குத்தாக இறங்குகிறது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. கடற்புல் மேய்கிற கடற்பன்றி சில நிமிஷம் அடியில் இருந்துவிடும்.

படகுக்காரரைக் குறை சொல்லவில்லை. கற்பிட்டிக்கு வெளியே ஆழ்கடலில் கூட்டமாகச் சுழன்று துள்ளுகிறவை டொல்பின்கள்தான். அவர் தினமும் பார்ப்பது அவற்றைத்தான்.

ஒரு விஷயம்: வீடியோவில் இன்ஜின் சத்தம் கேட்கிறது. மூச்செடுக்க வந்ததைத் துரத்தினால் அரை மூச்சோடு இறங்கிவிடும். அடுத்த முறை இன்ஜினை நிறுத்தச் சொல்லுங்கள்.

நுவரெலியா, மாணவன்: அப்போ முதுகில் துடுப்பு இல்லாவிட்டால் கடற்பன்றி. அவ்வளவுதானே சேர்?

பாதி சரி. துடுப்பு தெரிந்தால் கடற்பன்றி இல்லை என்று உறுதியாகச் சொல்லலாம், மறுபக்கம் செல்லாது. முதுகுத் துடுப்பே இல்லாத, டொல்பினுக்கு உறவான ஒரு சிறிய வகை உண்டு. பாக்கு நீரிணையின் இந்தியக் கரையில் அது ஒதுங்கியிருக்கிறது. தலை உருண்டை, நீளம் பெரும்பாலும் 2 மீட்டருக்குள். கடற்பன்றி 3 மீட்டர் வரை வளரும்.

அதே மாணவன்: ஆனால் குட்டிக் கடற்பன்றியும் சின்னதுதானே? அளவை வைத்து எப்படிப் பிரிப்பீர்கள்?

நல்ல கேள்வி, அளவு தனியாகப் போதாது. குட்டி பெரும்பாலும் தாயை ஒட்டியே வரும், அந்தப் பெரிய முதுகு தெரிந்தால் குழப்பம் தீரும். தனியாக வந்தால் மறுபடி மூக்குக்குத்தான் போக வேண்டும்.

மஸ்கெலியா: காசல்ரீ நீர்த்தேக்கத்தில் தலையைத் தூக்கிப் பார்த்தது, மீசையும் இருந்தது. சீலா?

நீர்நாய். கடல் அங்கே வராது.

பதுளை: வாலை வைத்து எப்படிக் கண்டுபிடிப்பது?

டீச்சருக்கு எழுதியதைப் படியுங்கள்.

கொட்டகலை: வால் மட்டும் தெரிந்தால்?

சீல் இல்லை என்று சொல்லலாம். அதற்கு மேல் இல்லை.

ஹப்புத்தளை: மன்னாரில் என் மாமா எடுத்த படம் இது. முதுகு மட்டும்தான் இருக்கிறது. அவர் கடற்பன்றி என்று சத்தியம் செய்கிறார்.

மாமாவின் கண் தப்பாது என்று நம்புகிறேன், ஆனால் இந்தப் படத்தை வைத்துக் கடற்பன்றி என்று நான் எழுத மாட்டேன். துடுப்பு இல்லை, நிறம் வெயிலில் அடிபட்டுவிட்டது, அளவுக்குப் பக்கத்தில் ஒன்றுமில்லை. முகம் எங்கே வந்தது, மூச்சு விட்ட சத்தம் கேட்டதா, எத்தனை நிமிஷம் கழித்து மறுபடி வந்தது என்று அவரிடம் கேட்டு எழுதுங்கள். படகை அருகில் கொண்டுபோய் இன்னொரு படம் எடுக்கச் சொல்லாதீர்கள்.