அணை அறிவிப்பை எப்படிப் படிப்பது, பொருட்களை எப்போது மாடிக்கு ஏற்றுவது?

கேள்வி: காவேரிப்பட்டணத்தில் ஆற்றை ஒட்டிய தெருவில், கீழ்த்தளத்தில் குடியிருக்கிறோம். கிருஷ்ணகிரி அணையின் நீர்மட்ட அறிவிப்பில் எந்த எண்ணைக் கவனிக்க வேண்டும்? பத்திரங்களையும் பொருட்களையும் எப்போது மாடிக்கு ஏற்றத் தொடங்குவது?

பதில்: நீர்மட்டம், நீர்வரத்து, வெளியேற்றம் என்று மூன்று எண்கள் அறிவிப்பில் வரும். பலர் நீர்மட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு, "முழுக் கொள்ளளவான 52 அடிக்கு இன்னும் ஒன்றரை அடி இருக்கிறதே" என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். உங்கள் தெருவுக்கு இப்போது வரும் தண்ணீரைச் சொல்வது வெளியேற்றம். அடுத்து வரப்போவதைச் சொல்வது நீர்வரத்து. இந்த அணை ஒன்றரை டி.எம்.சி.யைச் சற்றே தாண்டிய கொள்ளளவுதான் கொண்டது என்பதால், பெருவெள்ளத்தை நாள்கணக்கில் தேக்கி வைக்க இதனால் முடியாது. நிரம்பும் தறுவாயில் உள்ளே வருவது அப்படியே மதகு வழியே வெளியே போகும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். காலை ஆறு மணி அறிவிப்பில் நீர்மட்டம் 50.5 அடி, நீர்வரத்து 4,000 கனஅடி, வெளியேற்றமும் 4,000 கனஅடி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது மணிக்கு நீர்மட்டம் 51 அடியாகவும் நீர்வரத்து 9,000 ஆகவும் உயர்ந்திருக்க, வெளியேற்றம் மட்டும் அதே 4,000 ஆக இருந்தால், மூன்று மணி நேரத்தில் அரை அடி ஏறியிருக்கிறது என்று பொருள். மீதமுள்ள ஓரடிக்கு அதே வேகத்தில் ஆறு மணி நேரம் ஆகும். நீர்வரத்து கூடினால் அது இன்னும் சுருங்கும். பாதுகாப்புக்காக 52 அடி வரை விடாமல் முன்கூட்டியே மதகைத் திறப்பதும் உண்டு. ஆகவே, பிற்பகலுக்குள் ஆற்றில் 9,000 கனஅடி ஓடும் என்றே எடுத்துக்கொண்டு ஒன்பது மணிக்கே வேலையைத் தொடங்குங்கள். ஓசூர் பக்கத்துக் கெலவரப்பள்ளி அணையின் வெளியேற்றத்தையும் கூடவே பாருங்கள். அங்கே திறப்பது நம் அணைக்கு நீர்வரத்தாக வந்து சேரும். ஆனால் இரண்டு அணைகளுக்கும் நடுவே பெய்யும் மழை அந்த எண்ணில் அடங்காது.

எத்தனை ஆயிரம் கனஅடிக்கு உங்கள் வாசலுக்குத் தண்ணீர் வரும் என்பதை எந்த அறிவிப்பும் சொல்லாது. வெளியேற்ற அளவையும் அப்போது பாலத்துத் தூணில் தண்ணீர் நின்ற உயரத்தையும் ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். ஒரு பருவமழை முடிவதற்குள் உங்கள் தெருவுக்கான கணக்கு கையில் இருக்கும். வானிலை மையத்தின் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கைகள் மழைக்கானவை, ஆற்றின் உயரத்துக்கானவை அல்ல; என்றாலும் அவற்றைத் தள்ளிவிடாதீர்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை கொட்டியபோது, ஏரி நிரம்பி வழிந்த தண்ணீர்தான் சாலையோரம் நிறுத்தியிருந்த வண்டிகளை அடித்துச் சென்றது. ஏரித் தண்ணீர் ஊருக்குள் வருவதற்கு அணை அறிவிப்பு முன்னறிவிப்பு ஆகாது.

ஏற்றும்போது விலையைப் பார்க்காமல், மறுபடி கிடைக்குமா என்பதைப் பார்த்து வரிசைப்படுத்துங்கள். ஆதார், குடும்ப அட்டை, பட்டா ஆகியவற்றை மீண்டும் எடுத்துக்கொள்ளலாம்; பதிவான கிரயப் பத்திரத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கிடைக்கும். பதிவு செய்யாத உயில், கையெழுத்திட்ட புரோநோட்டு, தாத்தா காலத்துப் பாகப்பிரிவினைக் காகிதம் ஆகியவற்றுக்கு அந்த வழி கிடையாது. அவை முதலில் போகட்டும். அடுத்து மூலப் பத்திரம், கல்விச் சான்றிதழ், நகை. அனைத்தையும் தடித்த பிளாஸ்டிக் உறையில் போட்டு, வாயை இரண்டு முறை மடித்துக் கட்டி, ஒரே பையில் வையுங்கள். மர பீரோவை நம்பி விட்டுவிடாதீர்கள். நனைந்த மரம் உப்பிக் கதவு இறுகிவிட்டால், உள்ளே இருப்பது ஊறிக்கொண்டேயிருக்கும். மாடியிலும் தார்ப்பாய்க்குக் கீழே வைக்காமல், ஒழுகாத அறையின் பரணில் வையுங்கள். மாடி இல்லாதவர்கள் யார் வீட்டில் வைப்பது என்பதை ஐப்பசிக்கு முன்பே பேசி வைப்பது நல்லது.

அரிசி மூட்டை, தையல் இயந்திரம், இன்வெர்ட்டர் பேட்டரி ஆகியவை அதன் பிறகு. குளிர்சாதனப் பெட்டியை ஏற்ற இரண்டு பேராவது வேண்டும் என்பதால், ஆள் இருக்கும் பகலிலேயே அதை முடித்துவிடுங்கள். சிலிண்டர் தண்ணீரில் மிதக்கும். ரெகுலேட்டரைக் கழற்றி, மூடியைப் பொருத்தி, மேலே கொண்டுபோங்கள். தண்ணீர் வாசற்படியைத் தொடுவதற்கு முன்பே மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். படி நனைந்த பிறகு, எது கீழே கிடந்தாலும் எடுக்க இறங்க வேண்டாம். வீட்டைக் காலி செய்யச் சொல்லித் தண்டோராவோ ஒலிபெருக்கியோ வந்துவிட்டால், பத்திரப் பையை மட்டும் எடுத்துக்கொண்டு முகாமுக்குக் கிளம்புங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077.