சளியோட ஃபிளைட் ஏறினா காது போயிடுமா?

கேள்வி: டாக்டர், எனக்கு 57 வயசு, பிபி இருக்கு. இன்னும் பத்து நாள்ல மகள் பிரசவத்துக்கு மான்செஸ்டர் கிளம்பணும், கொச்சியில ஏறி தோஹாவுல மாறணும். போன தடவை சளியோட போய் இறங்கும்போது காதுவலி உயிர் போச்சு, பத்து நாள் ஒரு காது சரியா கேக்கலை. இப்ப வீட்ல நாலு வயசு பேரனுக்கு சளி. ஃபிளைட் ஏசி காத்துல எல்லாருடைய கிருமியும் சுத்துதுன்னு வீடியோ பாத்தேன். அசித்ரோமைசின் அஞ்சு மாத்திரை, விட்டமின் சி, மூக்கு டிராப்ஸ், சானிடைசர் வாங்கி வச்சிருக்கேன். பாத்ரூம் போக சங்கடப்பட்டு தண்ணி குடிக்க மாட்டேன், அது தப்பா? டிக்கெட்டை மாத்தணுமா?
(வாசகி, கொழிஞ்சாம்பாறை)

பதில்: டிக்கெட்டை இப்ப மாத்த வேண்டாம்மா. அந்த அசித்ரோமைசினை மட்டும் தொடாதீங்க. சளி வைரஸால வர்றது, ஆன்டிபயாட்டிக் வைரஸை ஒண்ணும் பண்ணாது, வராம தடுக்கவும் செய்யாது, வயித்தைக் கெடுக்கும், நாளைக்கு நிஜமா தேவைப்படும்போது வேலை செய்யாம போகும். எங்க பக்கம் வேலந்தாவளத்துல இருந்து சித்தூர் வரைக்கும் கடையில போய் "ஒரு அசி கொடுங்க"ன்னு கேட்டு வாங்குற பழக்கத்தை பாத்து பாத்து எனக்கு கோபம் தான் வருது. விட்டமின் சி சாப்பிட்டா கெடுதல் இல்ல, ஆனா அதை நம்பி எதுவும் முடிவு பண்ணாதீங்க.

அந்த வீடியோவையும் விட்டுடுங்க. பெரிய ஃபிளைட்ல காத்து மேல இருந்து வந்து அதே வரிசைக்கு பக்கத்துல கீழ வழியா வெளிய போகுது, கிட்டத்தட்ட பாதி வெளிக்காத்து, மீதி ஆஸ்பத்திரி ஆபரேஷன் தியேட்டர்ல போடுற மாதிரி ஹெபா ஃபில்டர் வழியா சுத்தமாகி திரும்ப வருது. இருவதாவது வரிசைல இருமுறவர் கிருமி அஞ்சாவது வரிசைக்கு சுத்தி வரும்னு பயப்பட வேண்டாம். ஆனா பக்கத்து சீட்லயோ முன் வரிசைலயோ ஒருத்தர் தும்மினா அது உங்களுக்கு வரலாம், அப்படி யாராவது இருந்தா மாஸ்க் போடுங்க, தலைக்கு மேல இருக்குற காத்து துளையை திறந்து வச்சுக்கோங்க. ஏறுற பஸ்லயும் க்யூலயும் நெரிசல் அதிகம், அங்கயும் மாஸ்க் நல்லது.

உண்மையில உங்களுக்கு சளி வர அதிக வாய்ப்பு ஃபிளைட்ல இல்ல, வீட்ல உங்க பேரன்கிட்ட தான். கிருமி உள்ள போனா ஒண்ணுல இருந்து மூணு நாளைக்குள்ள சளி ஆரம்பிக்கும், ரெண்டு மூணு நாள் உச்சத்துல இருக்கும், பெரும்பாலும் ஒரு வாரம் பத்து நாள்ல அடங்கும். அதனால இன்னைக்கே தொத்திக்கிட்டா கூட கிளம்புறதுக்குள்ள பெருசா ஒண்ணும் இருக்காது, கடைசி அஞ்சு நாள்ல தொத்தினா தான் சிக்கல். அந்த அஞ்சு நாள் மட்டும் பேரனோட தட்டு டம்ளர் துண்டு பங்கு போடாதீங்க, மூக்கை துடைச்சு விட்ட கையோட உங்க கண்ணை மூக்கை தொடாதீங்க, சோப்பு போட்டு இருவது செகண்ட் கழுவுங்க. சாதா சளி பரப்புற ரைனோவைரஸுக்கு மேல கொழுப்பு உறை கிடையாது, சானிடைசர்ல இருக்குற ஆல்கஹால் அந்த உறையை கரைச்சு தான் பல வைரஸை கொல்லுது, அதனால இந்த வைரஸ்கிட்ட சோப்புத் தண்ணி தான் நம்பகமானது. தண்ணி கிடைக்காத இடத்துக்கு சானிடைசர் போதும், 100 மில்லிக்கு மேல பாட்டில் கொண்டு போக விடமாட்டாங்க.

ஏர்போர்ட்ல கைப்பை போட்டு தள்ற பிளாஸ்டிக் ட்ரே இருக்குல்ல, அதை எல்லாரும் தொடுவாங்க. 2018ல வந்த ஒரு ஆய்வுல ஹெல்சின்கி ஏர்போர்ட் ட்ரேக்கள்ல எடுத்த மாதிரிகள்ல பாதியில சளி வைரஸோட தடயம் இருந்துச்சு, பாத்ரூம்ல எடுத்த மாதிரிகள்ல இல்ல. அதனால செக்கிங் முடிஞ்சதும் நேரா போய் கை கழுவுங்க, அப்புறம் சாப்பிடுங்க.

இனி காதுக்கு வர்றேன், உங்க கடிதத்துல நீங்க நிஜமா பயப்படுறது அதைத் தான்.

ஊட்டியில இருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது காது அடைக்குமே, அதே சங்கதி தான். ஃபிளைட் உள்ள காத்தழுத்தம் ஆறாயிரம் எட்டாயிரம் அடி உயரத்துல இருக்குற மாதிரி, அதாவது குன்னூர் ஊட்டி மாதிரி வச்சிருப்பாங்க. மலையில இருந்து பஸ்ல இறங்க ஒன்றரை ரெண்டு மணி நேரம் ஆகும், ஃபிளைட் அதை சுமார் அரை மணி நேரத்துல செஞ்சு முடிச்சிடும். மேல இருக்கும்போது மூடின காலி வாட்டர் பாட்டில் கீழ வந்ததும் நசுங்கி இருக்கும், பாத்திருப்பீங்க. காதுக்குள்ளயும் அப்படி ஒரு காத்து அறை இருக்கு, அதுல இருந்து மூக்குக்கு பின்னாடி ஒரு மெல்லிய குழாய் வருது. சும்மா இருக்குறப்ப மூடியே இருக்கும், முழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் ஒரு நொடி திறந்து அழுத்தத்தை சமமாக்கும். சளி பிடிச்சா அந்தக் குழாயோட வாய் வீங்கி திறக்காது. இறங்க இறங்க செவிப்பறை உள்பக்கமா இழுபடும், அது தான் அந்த வலி. ஒரு அளவுக்கு மேல அழுத்த வித்தியாசம் கூடிடுச்சுன்னா எவ்வளவு முழுங்கினாலும் குழாய் திறக்காது, வலி வந்தப்புறம் முயற்சி பண்றவங்க தோத்துப்போறது இதனால தான். வலி வர்றதுக்கு முன்னாடியே ஆரம்பிக்கணும்.

கிளம்புற அன்னிக்கு காலைல வீட்லயே ஒரு சோதனை. மூக்கைப் பிடிச்சுக்கிட்டு வாயை மூடி மெதுவா காத்தை மூக்குக்கு தள்ளுங்க, ரெண்டு காதும் டக்னு திறந்தா போகலாம். பலமா ஊதாதீங்க, சளியோட பலமா ஊதினா சளி காதுக்குள்ளயே போகும். இல்ல மூக்கைப் பிடிச்சுக்கிட்டே ஒரு வாய் தண்ணி முழுங்குங்க, அதுவும் சரி. மூக்கு டிராப்ஸ் போட்டு அரை மணி நேரம் கழிச்சும் ஒரு காது திறக்கலைன்னா, இல்ல அந்த காது இங்கயே வலிச்சா, இல்ல குனிஞ்சா புருவத்துக்கு மேல குத்தினா, அன்னிக்கு ஏற வேண்டாம், டாக்டர்கிட்ட காட்டி தள்ளி வையுங்க. மூக்கு ஒழுகுதுங்குற ஒரே காரணத்துக்காக கேன்சல் பண்ண வேண்டாம்.

நீங்க வாங்கினது சைலோமெட்டாசோலினா ஆக்ஸிமெட்டாசோலினா, அட்டையில பாருங்க. இறங்குறதுக்கு சுமார் ஒரு மணி நேரம் முன்னாடி ஒவ்வொரு மூக்குலயும் அட்டையில போட்ட அளவு. சளி இருந்தா மட்டும் தான், சும்மா முன்னெச்சரிக்கைன்னு போட வேண்டாம். உங்களுக்கு தோஹாவுல ஒரு இறக்கம் மான்செஸ்டர்ல ஒரு இறக்கம், ரெண்டுக்கும் தனித்தனியா. மூணு நாளுக்கு மேல இதை இழுக்காதீங்க, இழுத்தா டிராப்ஸ் இல்லாம மூக்கு திறக்கவே திறக்காது. பிபி கன்ட்ரோல்ல இருந்தா தான் இது, கிளாக்கோமா இருந்தா கேக்காம போடக் கூடாது. சளிக்கு கடையில கொடுக்குற கூட்டு மாத்திரை வேண்டவே வேண்டாம், அதுல பிபி ஏத்துற மருந்தும் தூக்கம் வர்ற மருந்தும் சேர்ந்து இருக்கும்.

அந்த தூக்கத்தை தான் நான் சொல்ல வந்தேன். போன வருஷம் தேங்காய் வியாபாரம் பண்ற ஒருத்தர் துபாய் போயிட்டு வந்து என்கிட்ட வந்தார். சளி மாத்திரை போட்டு இறங்குற நேரத்துல நல்லா தூங்கிட்டார். தூங்கும்போது நாம அவ்வளவா முழுங்குறது இல்ல, குழாய் திறக்கலை, எழுந்தப்ப வலது காது அடைச்சு இரைஞ்சுகிட்டு இருந்துச்சு. "காது அடைப்பு தானே"ன்னு கடையில அசித்ரோமைசின் வாங்கி சாப்பிட்டு ஆறு நாள் ஓட்டிட்டார். வந்ததும் அவரை வாயை மூடி "ம்ம்ம்"னு முனக சொன்னேன், சத்தம் எந்த காதுல பலமா கேக்குதுன்னு கேட்டேன். நல்ல காதுலன்னு சொன்னார். எனக்கு பக்குனு ஆயிடுச்சு. உடனே கோயம்புத்தூர்ல காது மூக்கு தொண்டை டாக்டர்கிட்ட அனுப்பினேன், ஸ்டீராய்டு கொடுத்தாங்க, கொஞ்சம் திரும்பிச்சு, முழுசா திரும்பலை. முதல் நாளே வந்திருந்தா வாய்ப்பு இன்னும் நல்லா இருந்திருக்கும், அதை நினைச்சா இப்பவும் மனசு கேக்கலை.

அதனால இதை மனசுல வையுங்க. அடைப்பா இருக்குற காதுலயே முனகல் பலமா கேட்டா அது பெரும்பாலும் நீரும் அழுத்தமும் தான், உங்களுக்கு போன தடவை வந்தது அப்படிப்பட்டதா தான் இருக்கும், சில நாள்ல இல்ல ரெண்டு மூணு வாரத்துல சரியாகும். நல்ல காதுல பலமா கேட்டா உள் காது நரம்பு பாதிச்சிருக்கலாம், அன்னிக்கே டாக்டர்கிட்ட போகணும், மறுநாள் கூட வேண்டாம். திடீர்னு கேக்காம போறது, கூடவே இரைச்சல், தலை சுத்தி நிக்க முடியாம போறது, இதுல ஒண்ணு வந்தாலும் முனகிப் பாக்கக் கூட நேரம் ஒதுக்காதீங்க, நேரா போங்க, மான்செஸ்டர்ல இருந்தாலும் சரி, மகள்கிட்ட சொல்ல தயங்காதீங்க. காதுல இருந்து ரத்தமோ நீரோ கசிஞ்சா செவிப்பறை கிழிஞ்சிருக்கலாம், பெரும்பாலும் தானா மூடிக்கும், ஆனா எண்ணெய் விடாதீங்க, தண்ணி போகாம பாத்துக்கிட்டு காட்டுங்க.

தண்ணி விஷயம். ஃபிளைட் உள்ள காத்து ரொம்ப வறண்டது, ஈரப்பதம் இருவது சதவீதத்துக்கும் கீழ, மூக்கும் தொண்டையும் காயும், சளி கெட்டியாகும். அதுக்காக லிட்டர் லிட்டரா குடிக்க வேண்டாம், மணிக்கு ஒரு அரை டம்ளர் முக்கால் டம்ளர், டீ காபியும் கணக்குல தான், இதய டாக்டரோ சிறுநீரக டாக்டரோ தண்ணியை அளந்து குடிக்க சொல்லியிருந்தா மட்டும் அவங்க சொன்ன அளவு. பாத்ரூம் போக சங்கடப்பட்டு காய வேண்டாம்மா, நடைபாதை ஓர சீட் கேட்டு வாங்குங்க, அப்படி எழுந்து நடக்குறது காலுக்கும் நல்லது. ஒரு பாட்டிலை மட்டும் இறங்குற அரை மணி நேரத்துக்குன்னு மிச்சம் வையுங்க, விமானம் இறங்க ஆரம்பிச்சிடுச்சுன்னு சொன்ன உடனே விழிச்சு உக்காந்து, ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு வாய்னு கொஞ்சம் கொஞ்சமா முழுங்குங்க, கூட மிட்டாய் சப்பிக்கோங்க, காது லேசா அடைக்க ஆரம்பிக்கும்போதே மூக்கைப் பிடிச்சு மெதுவா தள்ளுங்க. பக்கத்துல இருக்குறவங்ககிட்ட "இறங்குறப்ப என்னை எழுப்பி விடுங்க"ன்னு முன்னாடியே சொல்லிடுங்க.

தோஹாவுல இறங்கி ஒரு மணி நேரம் ஆகியும் ஒரு காது திறக்கலைன்னா அடுத்த ஃபிளைட்டுக்கு ஓடாதீங்க, ஏர்லைன் ஊழியர்கிட்ட சொல்லி ஏர்போர்ட்ல இருக்குற டாக்டரை பாருங்க, அடைச்ச காதோட இரண்டாவது தடவை இறங்குறது தான் கெடுதல்.

பத்து நாள் இருக்கு, இந்த வாரத்துக்குள்ள யாராவது ஒரு டாக்டர்கிட்ட போய் பிபியையும் அந்தப் பழைய காதோட செவிப்பறையையும் ஒரு தடவை பாத்துட்டு வாங்க, உள்ள இன்னும் நீர் தேங்கி இருந்தா அது இப்பவே தெரியும்.